பதினெட்டாம் வாய்ப்பாடு

என் மாமியாருக்கு வலது காலில் நான்கு விரல்கள்தான். ஐந்தாவது போனதற்கு நான்தான் காரணம். இப்போது அந்த நான்கும், காலும், ஆளும் போய்ச் சேர்ந்தாயிற்று. அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம். நாங்கள் ராஜபாளையத்தில் இருந்தோம். மாமியாருக்குச் சர்க்கரை நோய். மாதம் ஒரு தடவை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறிப்போய் லேபில் ரத்தம் கொடுத்து, பக்கத்திலேயே டாக்டரையும் பார்த்துவிட்டு வருவோம். கடைசி ரிப்போர்ட்டில் இருநூற்று ஐந்து. டாக்டர் இனிப்பைத் தொடக்கூடாது என்றார். அதோடு, "எழுபதுக்குக் கீழ போனா மயக்கம் வரும். உடனே சீனியை வாயில போட்டுட்டு எங்கிட்ட வாங்க" என்றும் சொன்னார். மாமியார் முன்னதையும் மறந்தார், டாக்டரிடம் வரச்சொன்னதையும் மறந்தார். நடுவில் இருந்த சீனி மட்டும் மனப்பாடமாகிவிட்டது.

பால்கோவா வாங்கும் ஊருக்கே சர்க்கரை பார்க்கப் போகிற கொடுமை அவருக்கு. கடை வாசலைக் கடக்கும்போதெல்லாம் என்னைத் திட்டுவார். "மூணாங்கிளாஸ் தாண்டாத மூதேவி, நீ எனக்குக் காவலாட்டி?" என்பார். கடைக்காரர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரிக்கத் தெரியாவிட்டால் அந்த வீட்டில் நான் என்றைக்கோ கிணற்றில் விழுந்திருப்பேன்.

சிங்கப்பூரில் வெல்டிங் வேலை பார்த்த என் கொழுந்தன் லீவில் வந்தபோது அம்மாவுக்கு இரண்டு சாமான் கொண்டுவந்தான். ஒன்று பளபளப்பான செருப்பு. இன்னொன்று சர்க்கரை பார்க்கும் மெஷின்.

"மதினி, விரல்ல குத்தி ஒரு சொட்டு இதுல வச்சாப் போதும். நம்பர் வரும்" என்று எனக்குக் காட்டிக்கொடுத்துவிட்டு, நாலே நாளில் விமானம் ஏறிவிட்டான். வருகிற நம்பர் என்ன நம்பர் என்று அவனும் சொல்லவில்லை. அவனுக்கே தெரியாது.

மறுநாள் காலையில் வெறும் வயிற்றோடு இருந்தவரின் விரலில் குத்தினேன். பதினொன்று வந்தது. பின்னால் ஒரு புள்ளியும் ஏதோ ஓர் எண்ணும் இருந்தன. புள்ளிக்குப் பின்னால் நிற்பதையெல்லாம் நாங்கள் மதிப்பதில்லை.

"பதினொண்ணா?" மாமியார் எழுந்து உட்கார்ந்தார். "ஏட்டி, எழுபதுக்குக் கீழ போனாலே ஆபத்துன்னாருல்ல டாக்டரு? எடுட்டி சீனிய!"

சர்க்கரையை இறக்கும் மாத்திரை அன்றே நின்றது. காபிக்கு மூன்று கரண்டி சீனி. மறுநாள் பன்னிரண்டு.

"ஏறுது பாத்தியா? ஆனா எழுபதுக்கு இன்னும் எம்புட்டு தூரம் கெடக்கு! சீனிக்கெல்லாம் மசியாது. நீ ஸ்ரீவில்லிபுத்தூர் போயி பால்கோவா வாங்கிட்டு வா."

மூன்றாம் நாள் பதின்மூன்று. பஸ் ஏறினேன். பால்கோவாவை வாங்கிக்கொண்டு, மனசு கேட்காமல் லேபில் நுழைந்து விஷயத்தைச் சொன்னேன். ரத்தம் எடுக்கிறவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"பதிமூணுன்னா அந்தம்மாவுக்குப் பேச்சுமூச்சே இருக்காதேக்கா?"

"எங்க அத்தை செத்தாலும் பேசுவாகளே தம்பி."

"சரி, நம்பருக்குப் பக்கத்துல என்ன எழுதியிருக்கு?"

எனக்கு இங்கிலீஷ் ஏது? ரெண்டு ஒட்டகம் ஒன்றன்பின் ஒன்றாக முதுகைக் காட்டி நிற்கிற மாதிரி இருக்கும் என்றேன். மேஜைமேல் விரலால் வரைந்தும் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார்.

"அது எம்மு. மில்லிமோல்னு கணக்கு. நாங்க நூறு மில்லி ரத்தத்துல எத்தனை மில்லிகிராம் சீனின்னு எடை போட்டுச் சொல்லுவோம். அந்த மெஷின் ஒரு லிட்டர் ரத்தத்துல சீனித் துணுக்கு எத்தனைன்னு எண்ணிச் சொல்லுது. பால்கோவாவ நிறுத்து விக்கிறதும், மாம்பழத்த எண்ணி விக்கிறதும் மாதிரி. அதைப் பதினெட்டால பெருக்கினா நம்ம கணக்கு வந்துரும்."

நான் படித்த வாய்ப்பாடு பதினாறோடு முடிந்துபோனது. ஆனால் வழி இருக்கிறதே. இருபதால் பெருக்கி, அதில் இரண்டு பதின்மூன்றைக் கழித்தேன். இருநூற்று அறுபதில் இருபத்தாறு போக, இருநூற்று முப்பத்து நான்கு.

"சரியாச் சொன்னீகளே! நல்லா இருக்கிறவுகளுக்கு அந்த மெஷின்ல அஞ்சு, அஞ்சரைதான் காட்டும். இனிப்பை இன்னைக்கே நிறுத்துங்க, மாத்திரையை விட்றாதீங்க" என்று ஒரு துண்டுச் சீட்டில் பதினெட்டு என்று பெரிதாக எழுதிக் கொடுத்தார்.

ஒரு கையில் சீட்டு, இன்னொரு கையில் பால்கோவா. சொல்லிவிடுவது என்றுதான் வீட்டுப்படி ஏறினேன். சத்தியமாக.

உள்ளே பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலு பேரை உட்காரவைத்து மாமியார் பேசிக்கொண்டிருந்தார். "என் மகன் கொண்டாந்த மெஷினு இல்லேன்னா இவ என்னைப் பட்டினி போட்டே கொன்னுருப்பா. பத்துப் பாத்திரம் கழுவ வந்த கழுதைக்கு நம்பர் என்ன தெரியும், நோய் என்ன தெரியும்?"

நாலு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. சீட்டை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு, பால்கோவாவைப் பிரித்து நீட்டினேன்.

"சாப்பிடுங்க அத்தை. எழுபது வரணும்ல."

அதற்குப் பிறகு பத்து நாள். காலையில் குத்துவேன், நம்பரைச் சொல்வேன். பதினைந்து, பதினாறு, பத்தொன்பது. "இன்னும் அம்பத்தி ஒண்ணு வேணுமே அத்தை" என்று இலையில் இன்னொரு கரண்டி வைப்பேன். மனசுக்குள் பெருக்கிப் பார்ப்பேன், முந்நூற்று நாற்பத்து இரண்டு. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். கொல்லைக்கும் வீட்டுக்குமாக நடந்தார். அந்த நடையில் சிங்கப்பூர்ச் செருப்பு சுண்டுவிரலைக் கடித்துக் கொப்புளமாக்கியது. கொப்புளத்தைப் பார்த்தேன். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் அவர் என் அம்மாவைப் பற்றி ஏதோ சொன்னார். சரி, இன்னும் ஒரு நாள் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

விரல் கறுத்து வாடை வந்த அன்று மெஷின் இருபத்து மூன்று காட்டியது. கார் பிடித்துக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் பெருக்கினேன். நானூற்றுப் பதினான்கு. லேபில் ரத்தம் எடுத்து நானூற்றுப் பதினெட்டு என்றார்கள். கணக்கு தப்பவில்லை என்று ஒரு கணம் எனக்குப் பெருமைகூட வந்தது. அப்படிப்பட்ட பாவி நான்.

பெருமை நிலைக்கவில்லை. ரத்தம் எடுத்தவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"ஏங்க்கா, அன்னைக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னேனே? சீட்டு வேற எழுதிக் கொடுத்தேனே?"

மாமியார் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கத்துவார், முடியைப் பிடிப்பார் என்று காத்திருந்தேன். என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான்.

விரலை எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்த அன்று, என் வீட்டுக்காரர் வெளியே போனதும் கூப்பிட்டார்.

"ஏட்டி, இங்க வா. அவன்ட்ட சொல்லப் போறதில்ல. யார்ட்டயும் சொல்லப் போறதில்ல. சொன்னா உன்னைத் தொரத்திருவாக. நீ நிம்மதியா உங்கம்மா வீட்ல போயி ஒக்காந்துக்கிடுவ. நீ இங்கனயே கெடக்கணும்."

அதன் பிறகு ஒன்பது வருஷம் இருந்தார். தினமும் காலையில் அந்த நான்கு விரல் காலைத் தூக்கி என் மடியில் வைப்பார். நான் அவர் கைவிரலில் குத்துவேன்.

"எம்புட்டு?"

"எட்டு, அத்தை."

"பெருக்கு."

"நூத்தி நாப்பத்தி நாலு."

"இன்னொருக்கா பெருக்கு. சத்தமா."

சத்தமாகப் பெருக்குவேன். கடைசி வரைக்கும், நான் சொன்ன விடையை அவர் ஒருநாளும் நம்பவில்லை. மெஷினை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, அந்த ரெண்டு ஒட்டகத்தையும் ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் காலை எடுப்பார்.