காலியாக விட வேண்டிய கட்டம்

பணி ஓய்வுக்குப் பிறகும் படிவம் தயாரிப்பதை நான் நிறுத்தவில்லை. குடகுக் காப்பித் தோட்டங்களில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய மலைக் குடும்பங்களின் பிள்ளைகளுக்காக, சோளக்காடு என்ற மலையூரில் சனி, ஞாயிறுகளில் ஒரு தமிழ் வகுப்பு நடந்தது. வீட்டில் தமிழ், அங்கே பள்ளியில் கன்னடம் என்று வளர்ந்த பிள்ளைகள். ஜூனில் அவர்களை இங்கே எந்த வகுப்பில் சேர்ப்பது என்பதுதான் கேள்வி. பேச்சை நான்கு நிலைகளாகப் பிரித்து, அது மூன்றாம் நிலைக்குக் குறையாமல் இருந்தால் வயதுக்குரிய வகுப்பு, எழுத்துக்குத் தனிப் பயிற்சி. இல்லாவிட்டால் இரண்டாம் வகுப்பு என்று உள்ளூர்த் தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். நிலைகளை வகுத்துத் தரும்படி என்னிடம் கேட்டார்கள். காலமெல்லாம் பள்ளிகளை ஆய்வு செய்து, மற்றவர்களின் தவறுகளைச் சிவப்பு மையில் குறித்தவன் ஆயிற்றே.

பேச்சுக்கு நான்கு நிலைகள். ஒன்று, ஓரிரு சொல். இரண்டு, கேட்டதற்குச் சிறு வாக்கியம். மூன்று, தெரிந்ததைப் பற்றித் தொடர்ந்து சில வாக்கியங்கள். நான்கு, நடந்ததை வரிசையாகச் சொல்லிக் காரணமும் சொல்வது. எழுத்துக்கு வேறு நான்கு. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுக்கக் கூடாது. பேச்சைத்தான் முதலில் பார்க்க வேண்டும், அதுவும் பிள்ளைக்குத் தெரிந்த விஷயத்தில். மலைப் பேச்சு என்பதற்காக நிலையைக் குறைக்கக் கூடாது. பிள்ளை வாயே திறக்காவிட்டால் கட்டத்தைக் காலியாக விட்டு இன்னொரு நாள் பார்க்க வேண்டும். மௌனம் ஒரு நிலை அல்ல. அந்தக் கடைசி வாக்கியத்தை எழுதியபோது எனக்கே என்மேல் மதிப்பு வந்தது.

மே மாதத்துச் சனிக்கிழமை. கொண்டை ஊசி வளைவில் ஒரு லாரி நின்றுவிட்டதால் என் பஸ் தாமதம். மாலை பஸ்ஸுக்குள் எல்லோரையும் முடிக்க வேண்டும். எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்து முதலில் எழுத வைத்தேன். ஒரே நேரத்தில் முடியுமல்லவா!

பத்து வயதுப் பெண் ஒருத்தி. தன் பெயரைப் பாதி தமிழிலும் பாதி கன்னடத்திலும் எழுதியிருந்தாள். பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பார்த்து, "பாருங்கடி, பேரு பாதியிலயே மைசூர் பஸ் ஏறிருச்சு" என்றாள். வகுப்பே சிரித்தது. அடுத்த நிமிடம் அவளைக் கூப்பிட்டு ஒரு படத்தைக் காட்டினேன். என் பையில் இருந்தது அது ஒன்றுதான். கடலில் படகு. அவள் கடலைப் பார்த்ததில்லை. தரையைப் பார்த்தாள்.

வகுப்பு நடத்திய ஆசிரியை குனிந்து மெல்லச் சொன்னாள்: "சாதாரணமா இவ வாய மூட வெக்கறதுதானுங்க சார் கஷ்டம். காலியா விட்டுருங்க. அடுத்த வாரம் பாத்துக்கலாமுங்க."

என் பணிக்காலத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்த படிவம் எதையும் நான் மேலே அனுப்பியதில்லை. அந்தப் பெருமையோடு, பேச்சு என்ற தலைப்பின் கீழ் ஒன்று என்று போட்டுக் கையெழுத்திட்டேன்.

மறுநாள் பஸ்ஸிலிருந்து இறங்கினால், சந்தையில் அவள் தன் அம்மாவோடு பலாப்பழம் விற்றுக்கொண்டிருந்தாள். பழத்தைத் தட்டிப் பார்த்த ஒருவரிடம் சொன்னாள்: "ஏனுங்க, தட்டிட்டு வெச்சுட்டுப் போயிறாதீங்க. போன வாரம் இப்படித்தான் ஒருத்தரு, இது காயின்னு போயிட்டாரு. அப்பறம் எங்கம்மா அறுத்துக் காட்டுச்சு. வாசம் புடிச்சு ஓடியாந்தாரு, அதுக்குள்ள வித்துப் போச்சுங்க. ஏன் கண்ணு எனக்கு எடுத்து வெக்கலைன்னு கேக்கறாரு. வேண்டான்னு போனவருக்கு எதுக்குங்க எடுத்து வெக்கோணும்?"

நடந்தது, வரிசை, காரணம். நான்காம் நிலைக்கு இதைவிட நல்ல உதாரணத்தை நானே எழுதியிருக்க முடியாது.

நிலைகள் குறித்த பட்டியல் என் பையில்தான் இருந்தது. திங்கட்கிழமைதான் கொடுக்க வேண்டும். ஒன்றை அடித்துவிட்டு நான்கு என்று எழுதி, நானும் ஆசிரியையும் சுருக்கொப்பம் இட்டால் போதும். ஆசிரியை அடுத்த கட்டடத்தில்தான் இருந்தாள். ஆனால் அவள் சொன்னதுதான் சரி என்று அவளிடமே போய் ஒப்புக்கொள்ள வேண்டும். சந்தையில் காதில் விழுந்தது மதிப்பீடு ஆகாது என்று எனக்கு நானே ஒரு விதியை அங்கேயே நின்று இயற்றினேன். பட்டியல் அப்படியே போயிற்று.

அவளை இரண்டாம் வகுப்பில் உட்கார வைத்தார்கள். ஜூலையில் அவள் பள்ளிக்கு வரவில்லை என்று ஆசிரியை சொன்னபோதுதான் தலைமையாசிரியரிடம் போனேன். பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். "உங்க கையெழுத்துதானுங்களே ஐயா. அதுக்கு மேல நான் என்னத்தங்க பாக்கறது? கூட்டிட்டு வாங்க, அஞ்சாவதுல போட்டுக்கறேன்."

சந்தைக்குப் போய் அவள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தவறு என்னுடையது என்பதையும். அந்த அம்மா கோபப்படவில்லை. "தோளொசரப் புள்ள, பொடுசுங்களோட எத்தன நாளுங்க ஒக்காருவா? குடகுக்கே திரும்பறோமுங்க. அங்க கன்னடத்துல அவளுக்கு எழுத வருமுங்க. நாளைக்கு லாரி." பிறகு மகளிடம், "சாருக்கு ரெண்டு சொள எடுத்துக் குடு சாமி" என்றார்.

அவள் ஓர் இலையில் வைத்து நீட்டினாள். அதுவரை யாரிடமோ விலை பேசிக்கொண்டிருந்தவள், என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. சாப்பிட்டேன். பழம் நன்றாகத்தான் இருந்தது.