பரமவீட்டில் சந்திப்போம் என்று அனுப்பிவிட்டேன்

ஆண்டவர் எனக்கு வார்த்தை தராமல் உதவினதைச் சொல்ல வந்திருக்கிறேன். நான் நம் சபைப் பெண்கள் ஐக்கியத்தின் செயலாளர். சாவு, கல்யாணம், குழந்தை, புதுவீடு எல்லாவற்றுக்கும் ஐக்கியத்தின் பேரில் செய்தி எழுதுவது என் வேலை. நோட்டில் மாதிரி வைத்திருக்கிறேன், பெயரை மட்டும் மாற்றினால் போதும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மெர்சியிடமிருந்து செய்தி வந்தது. அவள் என் பள்ளிக்கூடத் தோழி, திருவட்டாறில் டீச்சர். "கோர்ட்டுல முடிஞ்சு மக்கா. இனி நான் தனி." அவ்வளவுதான்.

நோட்டைப் புரட்டினேன். விவாகரத்துக்கு மாதிரி இல்லை.

"அவனெல்லாம் ஒரு மனுசனா" என்று போனில் அடித்தேன். பதினொரு வருஷம் அவனுக்குச் சோறு பொங்கினவள், இன்றைக்கு அழுதுகொண்டிருந்தால்? அழித்தேன். "எல்லாம் நன்மைக்கே" என்று அடித்தேன். என் பிள்ளை வயிற்றிலேயே கலைந்தபோது ஒருத்தி என்னிடம் அதைத்தான் சொன்னாள். நான் இன்னும் அவளை மன்னிக்கவில்லை. அழித்தேன். கடைசியில் சாவுக்கான மாதிரியை எடுத்து, 'மரணம்' என்ற இடத்தில் 'பிரிவு' என்று மாற்றி அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகு வாசித்தேன். "அன்னாரைப் பரமவீட்டில் மறுபடியும் சந்திப்போம் என்ற நம்பிக்கையில் தேற்றப்படுங்கள்."

அவள் வாசித்துவிட்டாள் என்று நீலக் கோடு இரண்டும் விழுந்தன. அவள் ஏதோ டைப் செய்தாள், நிறுத்தினாள். மறுபடி டைப் செய்தாள், நிறுத்தினாள். ஒரு மணி நேரமாயிற்று, பதில் இல்லை. முப்பது வருஷ சிநேகத்தை ஒரு மாதிரிச் செய்தியால் தொலைத்துவிட்டேனே என்று அடுக்களையில் முழங்காலிட்டேன். அனுப்புவதற்கு முன்னால் ஜெபித்திருக்க வேண்டும். "ஆண்டவரே, ஒரு வார்த்தை தாரும்" என்று கெஞ்சினேன். ஒரு வசனமும் வரவில்லை. அடுப்பில் கொதித்த மீன் குழம்பின் வாசனைதான் வந்தது.

எழுந்து இப்படி எழுதினேன்: "மன்னிச்சிரு மக்கா, உனக்குச் சாவுச் செய்தி அனுப்பிட்டேன். என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியல. என்ன நடந்துன்னு கேக்கமாட்டேன். நாளைக்கு மத்தியானம் மீன் குழம்பு கொண்டு வாறேன். பேச மனசில்லேன்னா கதவைத் திறக்காண்டாம், வாசல்ல வச்சிட்டுப் போறேன். பதில் போடாண்டாம்."

ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது.

"ஏட்டி, பரமவீட்டிலயும் அவனை எனக்கப் பக்கத்துலதான் இருத்துவியா? காலைல இருந்து எல்லாரும் காரணம்தான் கேக்காவ. உன் செய்தியப் படிச்சிட்டு இன்னைக்குத்தான் சிரிச்சேன். புளியக் கொறச்சுப் போடு. கதவு திறந்துதான் இருக்கும்."

மறுநாள் தூக்குவாளியில் குழம்போடு போனேன். இரண்டாவது சோற்று உருண்டையில் அவள் அழுதாள். நான் வாயைத் திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அதுவே அற்புதம் என்று புரியும். சோற்றில் குழம்பு ஊற்றினேன், அவள் சாப்பிட்டாள்.

அந்த நோட்டை இப்போது நான் தொடுவதில்லை. உங்களுக்கும் வார்த்தை வராத நாள் வரும். பயப்படாமல் அவரிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு, ஒரு தூக்குவாளியையும் கழுவி வையுங்கள்.