அமலா பையிலிருந்து எடுக்காத போன்

செஞ்சி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடை மாடியில்தான் எங்கள் ஆபீஸ். ஆபீஸ் என்றால் நானும் அமலாவும். நான் ஆப் எழுதுவேன். தொண்டூரிலிருந்து பஸ்ஸில் வரும் அமலா அதைச் சோதித்துத் தப்பு கண்டுபிடிப்பாள். டிபன் பையை மட்டும் காலடியை விட்டு நகர்த்த மாட்டாள்.

போன வருஷம் ஓர் உழவர் சங்கம், மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விதைக்குப் பதிவு செய்ய ஆப் கேட்டது. பெயர், சர்வே நம்பர் எல்லாம் நிரப்பி, பட்டாவைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். சோதிக்கும் போனுக்கு என்னிடம் இருந்தது பதினெட்டாயிரம்.

"புதுசு ஒண்ணுக்குப் பதிலா பழசா ரெண்டு மூணு வாங்கலாண்ணா. ஜனங்க கையில இன்னா போன் இருக்குதுன்னு சங்கத்துல போய்ப் பாத்துட்டு வரட்டா?" என்றாள் அமலா.

"அந்த டப்பா போனெல்லாம் இன்னும் எவன் வெச்சினு இருக்கான்? பழைய ஆண்ட்ராய்டு வெர்ஷனைக் கம்ப்யூட்டர்லயே ஓட்டிப் பாத்துக்கலாம்" என்றேன். என் வாய் இருக்கிறதே, அதற்கு என்றைக்கும் அவசரம். அவள் பையைக் காலால் உள்ளே தள்ளிக்கொண்டாள். நான் பளபளவென்று புதுப் போன் வாங்கினேன். அதில் ஒரு குறையும் தெரியவில்லை. கம்ப்யூட்டரிலும் தெரியவில்லை.

பதிவு முடிந்த மறுநாள், தொண்டூர் குஞ்சம்மாள் படியேறி வந்தார்.

"ஆறு வாட்டி பண்ணேன் தம்பி. போட்டோ எடுத்துட்டு வந்தா எழுதனதெல்லாம் காணாம போவுது. எனக்குத்தான் அமுக்கத் தெரியல. இந்தப் பட்டத்துக்கு வெத இல்லன்னுட்டாங்க."

அவர் போனை வாங்கிப் பார்த்தேன். ஆண்ட்ராய்டு எட்டு, ஒரு ஜிபி ரேம். கேமரா திறந்ததும் நினைவகம் போதாமல் போன் என் ஆப்பை மூடிவிடுகிறது. திரும்பினால் வெற்றுப் படிவம். பாதியில் எழுதியதைச் சேமித்து வைக்க நான் வழி செய்யவே இல்லை.

அமலா டிபன் பையைத் திறந்து தன் போனை மேஜையில் வைத்தாள். அதே மாடல்.

"இதுல போட்டுப் பாத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்ணா. டப்பான்னீங்க. எடுக்க வெக்கமா இருந்துச்சு."

எனக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. சங்கத்துக்கு ஓடிக் கெஞ்சினேன். விதை பிரித்துக் கொடுத்தாயிற்று என்றார்கள். ஆப் கணக்கில் பார்த்தால், பதிவை ஆரம்பித்துவிட்டு முடிக்காதவர்கள் நாற்பத்தொரு பேர்.

புதுப் போனை வந்த விலைக்கு விற்றேன். அமலா சங்கத்தில் நாலு நாள் உட்கார்ந்து, வருகிறவர்களின் போன் மாடல், வெர்ஷன், ரேம் மூன்றையும் குறித்து வந்தாள். அதை வைத்து, ரொம்பப் பேரிடம் இருக்கும் மாடலில் ஒன்று, எங்கள் ஆப் ஓடக்கூடிய மிகப் பழைய வெர்ஷனில் ஒன்று என்று ரிப்பேர் கடையில் இரண்டு பழைய போன் வாங்கினோம். புதிய வெர்ஷனுக்கு என் சொந்தப் போன் போதும். ரேம் குறைவான போனுக்கு அமலாவுடையது. இப்போது அது மேஜைமேல்தான் இருக்கிறது.

குஞ்சம்மாளின் நிலம் அந்தப் பட்டம் சும்மாக் கிடந்தது. தப்பு அவருடையது இல்லை என்று அமலாதான் வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். நான் இன்னும் போகவில்லை.