காகிதம் அசைந்தால் இடது நிரல்

ஜப்பான்காரரின் குண்டுவீச்சுக்குப் பயந்து கந்தளாய்ப் பக்கம் ஓடியவர்களில் பாதிப் பேர்தான் திருகோணமலைக்குத் திரும்பி வந்திருந்தார்கள். கடற்படைத் தளத்தின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த மூவரும் வரவில்லை. அவர்களுக்குப் பதிலாக உள்ளூர் ஆட்களைப் பழக்கி எடுக்க ஓர் ஆங்கிலேய ஆசிரியரை அனுப்பினார்கள். நான் அங்கே டைப்பிஸ்ட். அவர் கொடுத்த பாடத்தாள்களை ஸ்டென்சிலில் அடித்து, ரோனியோவில் பிரதி எடுத்து, வகுப்பில் பங்கிட்டு, பிறகு விடைத்தாளோடு ஒப்பிட்டுப் புள்ளி போடுவது என் வேலை.

ஒவ்வொரு தாளிலும் இருபது வரி. வரிக்கு இரண்டு சொல், இடது நிரலில் ஒன்று, வலது நிரலில் ஒன்று. இரண்டும் ஒரே ஓர் ஒலியில்தான் வேறுபடும். ஆசிரியர் இரண்டில் ஒன்றை மட்டும் சொல்வார். கேட்ட சொல்லின் கீழே கோடு போட வேண்டும். எந்த வரியில் எதைச் சொல்வது என்பது, ஊகிக்க முடியாதபடி இடமும் வலமும் கலந்து, என்னிடம் இருந்த விடைத்தாளில் குறிக்கப்பட்டிருந்தது. டெலிபோனில் கப்பலின் பெயரையும் இறங்குதுறையின் பெயரையும் தவறாகக் கேட்டால் என்ன ஆகும் என்று அவர் முதல் நாளே விளக்கினார். பதினைந்து சரியானால் தேர்ச்சி.

முதல் தாள் ஷிப், ஷீப். மத்தியதரைக் கடல் துறைமுகம் ஒன்றில் இதே தாளில் பாதிப் பேர் விழுந்ததாக அவர் சொல்லியிருந்தார். எங்களிடம் வந்த ஆறு பேரும் இருபதுக்கு இருபது எடுத்தார்கள். ஆசிரியர் தாள்களை இரண்டு தரம் புரட்டிப் பார்த்தார். பிறகு கதிரைகளை மூலைக்கு மூலை இழுத்துப் போட்டு, என்னிடமிருந்த இன்னொரு விடைத்தாளின்படி மறுபடி வாசித்தார். மறுபடியும் இருபது. கல்லையும் காலையும் பிரித்துக் கேட்டு வளர்ந்தவர்களுக்குக் குறிலும் நெடிலும் ஒரு சோதனையே இல்லை என்பதை அவருக்குச் சொல்லுகிற அளவு ஆங்கிலம் எனக்கு அன்று வரவில்லை. அவர் என்னைத்தான் சந்தேகித்தார். அன்றிலிருந்து விடைத்தாளைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வாசித்து முடித்த பிறகே தந்தார்.

இரண்டாம் தாளில் அவருடைய மனம் ஆறியது. அதில் இருந்த சொற்களை இங்கே தமிழில் எழுதிக் காட்டவே ஏலாது; துணியில் குத்துகிற பின்னும் குப்பை போடுகிற பின்னும் நம் எழுத்தில் ஒன்றுதான். காதிலும் ஒன்றுதான் என்று அன்று தெரிந்தது. ஐந்து பேர் பத்தை ஒட்டி நின்றார்கள். கண்ணை மூடிக் கோடு போட்டாலும் அந்தப் புள்ளி வரும். கிண்ணியாவிலிருந்து வந்தவர் ஒருவர்தான் பதினாறு எடுத்தார். சின்ன வயதில் குர்ஆன் ஓதப்போன இடத்தில் பே என்ற அரபு எழுத்துக்கு வாங்கிய அடி இப்போது உதவுகிறது என்றார். வயதில் மூத்தவர், எல்லோரும் அவரை நானா என்றார்கள்.

ஆறு பேரில் இந்த வேலை உயிர்ப்பிரச்சினையாக இருந்தது சாம்பல்தீவுக்காரர் ஒருவருக்கு. தளத்தில் எண்ணெய்ப் பீப்பாய் உருட்டிக்கொண்டிருந்தவர். வகுப்புக்குத் தேர்வானதையே வேலை கிடைத்ததாக வீட்டில் சொல்லிவிட்டார். அவருடைய தாய் பிள்ளையார் கோயிலில் பொங்கி ஊருக்கே பங்கிட்டிருந்தார். இனிப் பீப்பாய்க்குத் திரும்புவதென்றால் ஊர் வழியாகத்தான் திரும்ப வேண்டும்.

மாணவர்களின் துன்பத்தைப் பார்த்து ஆசிரியர் ஒரு வித்தை காட்டினார். ஒரு காகிதக் கீலத்தை உதட்டுக்கு முன்னால் தொங்கவிட்டு, இடது நிரல் சொல்லை, துணியில் குத்துகிற பின்னை, சொன்னார். காகிதம் துள்ளியது. வலது நிரல் சொல்லைச் சொன்னார். காகிதம் அப்படியே நின்றது. ஆங்கிலேயர் அந்த முதல் ஒலியை மூச்சோடு வெடிக்க விடுகிறார்கள், மற்றதை அப்படிச் செய்வதில்லை. அந்த மூச்சைக் காதால் பிடியுங்கள் என்றார். பிறகு ஒவ்வொரு வகுப்பிலும் காகிதத்தைப் பிடித்துக்கொண்டே வாசித்தார்.

அடுத்த வாரம் சாம்பல்தீவுக்காரர் இருபது எடுத்தார். அதற்கடுத்த தாளிலும் இருபது. ஆசிரியர் அவருடைய தோளில் தட்டிக் கொடுத்தார். அதன் பிறகு ஒரு நாள் கச்சான் காற்றுத் தொடங்கியது. வகுப்பு நடந்த கொட்டிலின் யன்னல்கள் திறந்திருந்தன. அன்று அவருக்கு ஒன்பது. நான் அவருடைய தாளை நிதானமாகப் பார்த்தேன். பிழைகள் எல்லாம் ஒரே பக்கம். வலது நிரலில் போட வேண்டிய கோடுகள் இடதுக்குப் போயிருந்தன. இடதில் ஒன்றுகூடத் தவறவில்லை. பத்தாம் வரியிலிருந்து பதினான்கு வரை ஒரு பிழையும் இல்லை. பத்தாம் வரியில்தான் ஆசிரியர் எழுந்து போய் யன்னலைச் சாத்தினார். பதினான்கில் வெக்கை தாங்காமல் திறந்தார்.

வகுப்பு முடிந்ததும் சாம்பல்தீவுக்காரரிடம் சொன்னேன். "நீங்கள் கேக்கேல்லை. பாக்கிறீங்கள்."

"ஓம், பாக்கிறன்" என்றார், ஒளிக்காமல். "காதுக்குப் பிடிபடாதது கண்ணுக்குப் பிடிபடுது. அதிலை என்ன பிழை?"

"டெலிபோனிலை எதைப் பாப்பியள்?"

இறுதிச் சோதனை டெலிபோனில்தான் என்பது அறிவித்தலில் இருந்தது. அந்த அறிவித்தலை அடித்தவனே நான். இன்னும் நான்கு நாள்.

நானாவும் நானும் அவருக்குப் பயிற்சி கொடுக்க முடிவு செய்தோம். அவரைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்து, பின்னால் நின்று நான் இருபது சொல்லையும் வாசித்தேன். எட்டு. நானா வாசித்தார். பத்து. எங்கள் உச்சரிப்பு எப்படி என்று பார்க்கக் காகிதத்தைத் தொங்கவிட்டோம். நான் இடது நிரலைச் சொன்னேன். காகிதம் அசையவில்லை. வலதைச் சொன்னேன். அதற்கும் அசையவில்லை. நானா தொண்டையைச் செருமிவிட்டுச் சொன்னார். செருமலுக்கு மட்டும் அசைந்தது.

"தம்பி, நம்மட வாயில காத்தே இல்ல" என்றார் நானா. "இவருக்குப் படிப்பிக்க ஒரு வெள்ளைக்காரனைத்தான் வாடகைக்கு எடுக்கணும்."

சாம்பல்தீவுக்காரர் சிரிக்கவில்லை. பீப்பாய்க் கங்காணியிடம் இப்போதே ஒரு சொல் சொல்லி வைக்கலாமா என்று கேட்டார்.

சோதனை நாளன்று ஆசிரியர் அடுத்த கட்டடத்தில் ஒரு டெலிபோனோடு இருந்தார். கொட்டிலில் மற்ற டெலிபோன். ஒவ்வொருவராக வந்து, ஒரு கையில் றிசீவரும் மறுகையில் பென்சிலுமாக இருந்தார்கள். நான் மேற்பார்வை.

சாம்பல்தீவுக்காரர் கடைசியாக வந்தார். திருநீறு நெற்றியிலிருந்து காது வரை பூசியிருந்தார். முதல் சொல் வந்ததும் றிசீவரைச் சட்டென்று காதிலிருந்து விலக்கி, அதை ஒரு கணம் பார்த்தார். இடதில் கோடு போட்டார். இரண்டாம் சொல்லுக்கு ஒன்றும் நடக்கவில்லை. வலது. மூன்றாவதுக்குத் தோள் துள்ளியது. இடது. நான் அருகே போய்க் குனிந்தேன். ஆசிரியர் வாயைப் பேசும் குழலோடு ஒட்டவைத்துப் பேசியிருக்க வேண்டும். இடது நிரல் சொல் வரும்போதெல்லாம் அந்த மூச்சு குழலில் போய் மோதி, பட்டாசுத் துண்டு வெடிப்பதுபோல் றிசீவரில் கரகரத்தது. வகுப்பில் கண்ணுக்கு மட்டும் தெரிந்தது, இங்கே என்னைப் போல அந்த ஒலிக்குச் செவிடானவனுக்கும் கேட்டது.

பத்தொன்பது. நானாவுக்குப் பதினெட்டு. இவர்களோடு இன்னும் ஒருவரை எடுத்தார்கள்.

"காதுக்குள்ளை அடிக்கிறான் மனிசன்" என்றார் சாம்பல்தீவுக்காரர், வெளியே வந்து காதைத் தேய்த்தபடி. "கண்ணை விட இது சுகம்."

எக்ஸ்சேஞ்சில் அவர் சேர்ந்த பிறகு சில தரம் போய்ப் பார்த்தேன். ஆங்கிலேய அதிகாரிகளின் அழைப்புகளை ஒரு தரம்கூடத் திருப்பிக் கேட்காமல் இணைத்தார். அவர்களே அவரைப் பெயர் சொல்லிப் பாராட்டினார்கள். எங்கள் ஆட்கள், களஞ்சியக் கிளாக்கரோ படகுத்துறை ஓவசியரோ, ஆங்கிலத்தில் ஓர் இடத்தின் பெயரைச் சொன்னால்தான் தடுமாறினார். அந்தக் குரல்களில் வெடிப்பதற்கு ஒன்றுமில்லை. அப்போது றிசீவரைப் பக்கத்துக் கதிரைக்கு நீட்டுவார்.

"நானா, இது நம்மடை ஆள். என்ன சொல்லுறார் எண்டு நீங்களே கேளுங்கோ."