இருபத்தைந்து ரூபாய் அறையும் அறுபது ரூபாய் அறையும்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். லாட்ஜ் மேனேஜருக்கு ஆகாத குணம். ஆனாலும் அரியலூரில் கடைவீதிக்குப் பின்னால் இருந்த ஒரு லாட்ஜில் எண்பதுகளில் பல வருஷம் அந்த வேலையைப் பார்த்தேன். இருபது அறை. எல்லாம் ஒரே அளவு, ஒரே இரும்புக் கட்டில், ஒரே மின்விசிறி. வாசலில் பெயின்டில் எழுதிய விலைப்பலகை ஒன்று தொங்கியது. இரட்டைப் படுக்கை முப்பத்தைந்து ரூபாய். கலெக்டர் வந்தாலும் அதுதான், வெங்காய வியாபாரி வந்தாலும் அதுதான்.

அந்தப் பலகையைக் கழற்றியவர் முதலாளியின் தம்பி. வெளிநாட்டில் ஒரு விமானக் கம்பெனியின் டிக்கெட் ஆபீசில் இருந்துவிட்டுத் திரும்பியவர். முதலாளி மூட்டுவலி என்று வீட்டோடு ஒடுங்க, லாட்ஜ் இவர் கைக்கு வந்தது. பிளேன்காரர் என்று நாங்கள் முதுகுக்குப் பின்னால் கூப்பிடுவோம்.

"பிளேன்ல பக்கத்துப் பக்கத்து சீட்டுல ரெண்டு பேரு உக்காந்திருப்பான். ஒருத்தன் குடுத்ததுக்கு மூணு மடங்கு இன்னொருத்தன் குடுத்திருப்பான். எதனாலன்னு சொல்லுங்க பாப்போம்" என்று முதல் நாளே என்னைக் கேட்டார்.

"ஏமாந்தவன்னு அர்த்தம்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. பொறுமையாகச் சொன்னார். மாதக்கணக்கில் முன்னால், பணத்தைத் திரும்பக் கேட்க மாட்டேன் என்ற நிபந்தனையோடு வாங்குகிறவனுக்குக் கம்மி விலை. நாளைக்குப் போயே ஆகணும் என்று ஓடி வருகிற கம்பெனிக்காரனுக்கு அதிக விலை. எல்லா சீட்டையும் கம்மி விலையில் விற்றுவிட்டால் கடைசியில் வருகிறவனுக்கு சீட்டு இருக்காது. அதனால் அவனுக்கென்று கொஞ்சம் சீட்டை விற்காமல் பிடித்து வைக்க வேண்டும். எத்தனை பிடித்து வைப்பது என்பதில்தான் சாமர்த்தியம். "பிளேன் கெளம்பிட்டா காலி சீட்டு காலிதான். விடிஞ்சிட்டா காலி ரூமும் அப்படித்தாங்க" என்று முடித்தார்.

நியாயமாகச் சொல்கிறேன், அதில் நல்லதும் இருந்தது. ஆள் வராத நாட்களில் அறையை இருபதுக்கே கொடுக்கச் சொன்னார். அதுவரை பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் படுத்துக் கிடந்த வியாபாரிகள் கட்டிலில் படுத்தார்கள். சிமெண்ட் ஆலைக்கு வரும் கம்பெனி ஆட்கள் அறுபது கொடுத்துவிட்டு முணுமுணுக்காமல் பில்லை வாங்கிப் போனார்கள். அது அவர்கள் பையிலிருந்து போகிற பணம் இல்லையே.

முகூர்த்த நாளுக்குத்தான் தனிக் கணக்கு. பத்து அறை மட்டும் இருபத்தைந்து ரூபாய்க்கு. இரண்டு மாதத்துக்கு முன்பே முழுப் பணமும் கட்டிவிட வேண்டும், ரத்து செய்தால் ஒரு பைசா திரும்பாது. மீதிப் பத்தும் கடைசியில் வருகிறவர்களுக்கு, அறுபது ரூபாய்க்கு.

அந்த வருஷம் தை மாத முகூர்த்தம் ஒன்றுக்கு முதல் ஆளாக வந்து அந்தப் பத்து அறையையும் எடுத்தவர் குன்னம் பக்கத்துப் பருத்தி விவசாயி ஒருவர். மூத்த மகளுக்குக் கல்யாணம், அடுத்த தெருவில் மண்டபம். மாப்பிள்ளை வீட்டாரைத் தங்க வைக்க வேண்டியது பெண் வீட்டாரின் பொறுப்பு. மழையை நம்பி வெள்ளாமை செய்கிற மனிதர். விலையைக் கேட்டதும் முகம் மலர்ந்து, மடியிலிருந்து பணத்தை எடுத்து அங்கேயே கட்டினார். "முன்னாடியே வந்தது நல்லதாப் போச்சுங்க" என்று என்னிடம் இரண்டு தரம் சொன்னார்.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மத்தியானம் ஜெயங்கொண்டத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். சொன்னதைவிடக் கூட்டம் அதிகம். மாப்பிள்ளையின் தாய்மாமன் முந்திரித் தோப்புக்காரர், மீசைக்காரர். அறை போதவில்லை என்றதும், "நான் என் காசுல ரூம் போட்டுக்கறேன், யாருக்கும் பாரமில்ல" என்று எல்லார் காதிலும் விழும்படிச் சொல்லிவிட்டு என்னிடம் வந்தார். அறுபது ரூபாய். மறுபேச்சில்லாமல் கட்டினார். அதில் அவருக்கு ஒரு மிதப்புகூட இருந்தது.

அது சாயங்காலம் வரைதான் நீடித்தது. மாடி வராந்தாவில் பெண்ணுக்கு அண்ணன் முறையான ஒருத்தன் பெருமையடித்துக் கொண்டிருந்தான். "எங்க சித்தப்பா கெட்டிக்காரரு. பத்து ரூமும் இருவத்தஞ்சுக்கு முடிச்சிட்டாரு." நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவன் கெடுக்கப் பார்த்தது இன்னொருத்தி வாழ்க்கையை.

மாமன் படியிறங்கி வந்த சத்தத்திலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"என்னய்யா மேனேஜரு? மாப்ள வூட்டுக்காரனை இருவத்தஞ்சு ரூவா ரூம்புல அடைச்சிருக்கானா அந்த ஆளு? எங்க அக்கா படுத்திருக்கிறது இருவத்தஞ்சு ரூவா கட்டில்லயா?"

"எல்லாம் ஒரே ரூமுங்க. வாங்க, காட்டறேன்" என்றேன். கூட்டிப் போய் அவர் அறையையும், அடுத்திருந்த அவர் அக்காவின் அறையையும் திறந்து காட்டினேன். கட்டில், வாளி, கண்ணாடி எல்லாவற்றையும் பார்த்தார். மெத்தையைத் தட்டிப் பார்த்தார். ஒரு வித்தியாசமும் கிடைக்காதது அவர் கோபத்தை இன்னும் கிளப்பியது.

"ஒரே ரூமுன்னா வெல எப்படிய்யா ரெண்டு? ஒண்ணு நீ என்னைக் கொள்ளையடிச்சிருக்கணும். இல்ல, அந்த ஆளு எங்களைக் கேவலப்படுத்தியிருக்கணும். எதுன்னு இப்பவே சொல்லு."

அதற்குள் கீழே கூட்டம் கூடிவிட்டது. வாசலில் மாப்பிள்ளை அழைப்புக்குப் பூ சுற்றிய கார் நின்றது. நாகஸ்வரக்காரர்கள் சீவாளியை நனைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். மாமன் வாசலை மறித்து நின்று, "இது தீராம எங்க புள்ள கார்ல ஏற மாட்டான்" என்றார். மாப்பிள்ளை பட்டு வேட்டியோடு படிக்கட்டில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு அவன்மேல் இன்றைக்கும் எரிச்சல் உண்டு.

"உங்களுக்கும் இருவத்தஞ்சாவே போட்டுர்றேங்க. மீதியை இப்பவே குடுத்துடறேன்" என்றேன்.

"என்னையும் அந்த ரூம்புக்கு எறக்குறியா?" என்று கையை ஓங்கிவிட்டார். நானும் மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டேன். நடுவில் பிளேன்காரர் புகுந்தார்.

அவருக்கு இது பழகிய வழக்கு. வெளிநாட்டில் இப்படிக் கத்துகிறவர்களைத் தினம் பார்த்திருப்பார். மாமனை உட்காரச் சொல்லி, நிதானமாக விளக்கினார். "வெல ஆளைப் பொறுத்ததில்லீங்க. எப்ப வாங்கறாங்க, என்ன கண்டிஷன்ல வாங்கறாங்க, அதைப் பொறுத்தது. நீங்க இன்னிக்கு வந்தீங்க, ரூம் கெடச்சுது. அது உங்களுக்காக நாங்க காலியா வெச்சிருந்த ரூமு. அதுக்குத்தான் அறுவது. அவரு ரெண்டு மாசம் முன்னாடி மொத்தமாக் கட்டிட்டாரு. நாளைக்கு இந்தக் கல்யாணமே நின்னுபோனாலும் அவருக்கு ஒரு பைசா திரும்பாது. அந்த ரிஸ்க்குக்குத்தாங்க கம்மி வெல."

அவர் சொன்னதில் ஒரு எழுத்தும் தப்பில்லை. ஆனால் எந்த வாசலில் நின்று எந்த வார்த்தையைச் சொல்வது என்று இல்லையா? மாப்பிள்ளையின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பூத்தட்டு வைத்திருந்த ஒரு பெண் தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

மாமன் மெதுவாக எழுந்தார். "கல்யாணம் நின்னா என்ன ரேட்டுன்னு பேசித்தான் ரூம் போட்டிருக்காங்களா? அக்கா, பெட்டியைக் கட்டு."

அக்காக்காரி நிஜமாகவே மாடிப்படியை நோக்கித் திரும்பினாள். பிளேன்காரர் முகத்தில் ரத்தமில்லை.

அப்போதுதான் பெண்ணின் அப்பா வந்தார். மண்டபத்துக்கு யாரோ ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். மூச்சு வாங்கியது, தோளில் துண்டு இல்லை, அதைக் கையில் பிடித்திருந்தார். யாரையும் பார்க்காமல் நேரே என்னிடம் வந்தார்.

"மேனேஜர் சார், பாக்கிப் பணம் நான் இன்னிக்குத் தரேன்னு சொல்லியிருந்தேன்ல? அறுவது ரூவா மேனிக்குக் கணக்கு முடிச்சு பில்லு குடுத்துருங்க."

அப்படி அவர் சொல்லவே இல்லை. நான் வாயைத் திறந்தேன். அவர் கண்ணைப் பார்த்தேன். மூடிக்கொண்டேன்.

அவர் மாமன் பக்கம் திரும்பினார். "சம்மந்தி, எங்க பய அட்வான்ஸ் பணத்தை மொத்தப் பணம்னு நெனச்சு ஒளறிட்டான். உங்களுக்குன்னு கம்மி ரூம்பு போடுவனா? எல்லாம் உங்க ரூம்பு வெலதான்."

மாமன் நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு, நான் பில் எழுதுவதையும் பெண்ணின் அப்பா நோட்டுகளை எண்ணி வைப்பதையும் கடைசி வரை நின்று பார்த்தார். சமையல்காரருக்கு எடுத்து வைத்திருந்த பணம் அது என்று பின்னால் தெரிந்தது. பில்லை வாங்கி ஒரு தரம் படித்துவிட்டு மாமன் மீசையை நீவினார். "அதானே பாத்தேன்" என்றார். வெளியே மேளம் கொட்டியது.

கார் போனதும் பிளேன்காரர் அந்தப் பணத்தைக் கல்லாவில் போடச் சொன்னார்.

"அது நம்ம பணமில்லீங்க."

"கஸ்டமரு விரும்பிக் குடுத்தது. நாம கேக்கலியே."

"விரும்பியா? பொண்ணப் பெத்தவன் கழுத்துல கத்தி வெச்சு வாங்குனது சார் இது. ரெண்டு மாசம் முன்னாடி ஓடியாந்தவனுக்கு நீங்க குடுத்த சலுகை இதானா?" என்று கத்தினேன். வேலையை விட்டுப் போகிறேன் என்றும் சொன்னேன். கோபத்தில் நான் சொல்வது நிறைய, செய்வது கொஞ்சம். ஆனால் அன்றைக்குச் சாவியை மேஜைமேல் எறிந்தேன். அவர் அந்தப் பணத்தை ஒரு கவரில் போட்டு என் பக்கம் தள்ளினார். "நானே அவருகிட்ட குடுக்கணும். எனக்கு மொகமில்லை" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் சாவியைத் திரும்ப எடுத்தேன்.

மறுநாள் காலை தாலி கட்டி முடிந்ததும் கவரோடு மண்டபத்துக்குப் போனேன். பெண்ணின் அப்பா பந்தியில் எல்லாரையும் கவனித்துக்கொண்டு நின்றார். முகத்தில் தூக்கம் இல்லை, ஆனால் சிரித்தார். கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னேன். கவரை நீட்டியதும் என் கையை அப்படியே அமுக்கி என் சட்டைப்பைப் பக்கம் திருப்பினார்.

"வேணாங்க. இன்னிக்கு இல்லாட்டி நாளைக்கு இது அவங்க காதுக்குப் போயிடும். அப்பறம் எம்பொண்ணு சாவற வரைக்கும் அந்த வூட்ல இருவத்தஞ்சு ரூவாக்காரிதாங்க."

"நீங்க ஒரு தப்பும் பண்ணலியே. முன்னாடியே வந்தீங்க, முன்னாடியே கட்டுனீங்க" என்றேன்.

"அதாங்க தப்பு" என்றார். பந்தியிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். இரண்டடி போனவர் திரும்பி வந்தார். "சின்னவளுக்கும் ரெண்டு வருஷத்துல முடிக்கணும். உங்ககிட்டதான் வருவேன். அப்பவும் முன்னாடியே வந்துடறேன். ஆனா வெலையை மொதல்லயே அறுவதாப் போட்டுருங்க."

சரிங்க என்று சொல்லிவிட்டேன்.