தமிழ் இல்லாத அகராதி

அஞ்சல் வழியில் ஆங்கில எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம். திருமணமாகி விருத்தாசலத்துக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. கணவர் பீங்கான் தொழிற்சாலை ஒன்றில் சூளைப் பிரிவு மேற்பார்வையாளர். அவர் வேலைக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு நாவலும் ஆங்கிலம்-தமிழ் அகராதியுமாக உட்கார்ந்துவிடுவேன். ஆங்கிலத்தில் படிப்பேன், எழுதுவேன். ஆனாலும் ஒவ்வொரு வாக்கியத்தையும் மனசுக்குள் தமிழாக்கிப் பார்த்தால்தான் படித்த மாதிரி இருக்கும்.

ஒருமுறை நான் அனுப்பிய கட்டுரை திருத்தப்பட்டு வந்தது. எது சரியென்று தெரியாமல் கதாநாயகி தயங்கினாள் என்று சொல்ல நினைத்து 'ரிலக்டன்ட்' என்று எழுதியிருந்தேன். அதைச் சிவப்பு மையால் சுழித்து, 'அவளுக்கு மனமில்லையா, நிச்சயமில்லையா?' என்று ஆங்கிலத்தில் கேட்டிருந்தார்கள். அகராதியைப் புரட்டினேன். 'ரிலக்டன்ட்' என்றாலும் தயக்கம், 'ஹெசிடன்ட்' என்றாலும் தயக்கம். இப்படி இன்னும் எத்தனை சொற்களை ஒன்றாக நினைத்துக்கொண்டிருக்கிறேனோ என்று அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த தொடர்பு வகுப்புக்குச் சிதம்பரம் போனபோது, மாணவர்களுக்கான ஆங்கிலம்-ஆங்கிலம் அகராதி ஒன்றை வாங்கி வந்தேன். எளிய சொற்களாகத் தேர்ந்தெடுத்து, அவற்றை மட்டுமே வைத்து எல்லாச் சொல்லுக்கும் பொருள் எழுதியிருந்தார்கள். கூடவே எடுத்துக்காட்டு வாக்கியங்கள்.

பழைய அகராதியைக் கணவரிடம் கொடுத்தேன். "இத ஃபேக்டரில கொண்டுபோய் வச்சிருங்க. வூட்ல இருந்தா கை அதுக்குத்தான் போவும்."

"நல்லாத்தானே இருக்குது?"

"அதான் பிரச்சினையே. நல்லா இருக்குதுன்னு யோசிக்கவே மாட்டேங்கறேன்."

முதல் சில வாரங்கள் நரகம். ஒரு சொல்லைத் தேடினால் அதன் விளக்கத்தில் அவர்களுக்கு எளிதான இன்னொரு சொல் எனக்கு இடறும். அதைத் தேடிவிட்டுத் திரும்பினால் நாவலில் எந்த வரியில் விட்டேன் என்பது மறந்திருக்கும். எழுந்து தண்ணீர் குடிப்பேன். காய்ந்த துணியை மடிப்பேன். மறுபடி உட்காருவேன். 'தைம்' என்று ஒன்று. சமையலில் போடுகிற, வாசனை உள்ள சிறு இலைகள் கொண்ட செடியாம். கொத்தமல்லியா, புதினாவா, துளசியா? படமும் இல்லை. புத்தகத்தைத் தூக்கி எறியலாம் போலிருந்தது.

ஒருநாள் 'சல்க்' வந்தது. விளக்கத்தில் ஒரு சொல்கூடக் கடினமில்லை. கோபமாக இருப்பது, ஆனால் பேசாமல் இருப்பது, அதை மற்றவர்கள் பார்க்கும்படி இருப்பது. எல்லாம் புரிந்தது. தமிழில் என்னவென்று மட்டும் வரவில்லை. அது தெரியாமல் அடுத்த பக்கம் புரட்டக் கை வரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, பட்டப்பகல் வெயிலில் தொழிற்சாலைக்கு நடந்தேன்.

வாயில்காப்பாளர் சொல்லியனுப்ப, கணவர் பதறி ஓடி வந்தார். சட்டையெல்லாம் வெள்ளைப் பொடி.

"என்ன, யாருக்கு என்ன?"

"ஒண்ணுமில்லங்க. அந்த டிக்‌ஷனரி வேணும். ஒரே ஒரு வார்த்த."

அவருக்குக் கோபம் வந்தது தெரிந்தது. வாயில்காப்பாளர் முன்னால் அடக்கிக்கொண்டார்.

"இதுக்கா இந்த வெயில்ல வந்த? அந்தப் புது புக்கு என்ன சொல்லுது?"

"கோவமா இருப்பாங்களாம். ஆனா சண்ட போட மாட்டாங்க. பேசவும் மாட்டாங்க. கோவமா இருக்குறது எதிராளிக்குத் தெரியணும், அதுக்குன்னே ஒரு மூலையில..."

"மூஞ்சத் தூக்கி வச்சிக்கிட்டு இருப்பாங்க."

"ஆமா."

"நேத்து சினிமாவுக்குப் போவலன்னு நீ இருந்தியே, அதானே? இதுக்கு டிக்‌ஷனரி எதுக்கு?"

வாயில்காப்பாளர் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார். எனக்கு அவமானமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது. கணவர் உள்ளே போய் அகராதியை எடுத்து வந்து கொடுத்தார். அங்கேயே நின்று பிரித்தேன். வெறுப்போடு விலகியிருத்தல் என்பது போல ஏதோ போட்டிருந்தது. நான் அவரிடம் விவரித்த ஆளை அதில் காணோம்.

"எடுத்துட்டுப் போறியா?"

"வேணாம். இருக்கட்டும். நான் போயிட்டு வரேன்."

அதன் பிறகு பொருள் புரிந்த சொல்லுக்குத் தமிழ் தேடி அலைவதை விட்டேன். பக்கத்துக்கு ஓரிரு சொற்களைத்தான் புரட்டினேன், மற்றவற்றைப் போகிற போக்கில் ஊகித்தேன். எந்த வினைக்குப் பின்னால் எந்த இடைச்சொல் வரும் என்பது எடுத்துக்காட்டுகளிலிருந்து தானாகப் பிடிபட்டது. செடி, மீன், மரம் என்று வந்தால் மட்டும் ஒரு தாளில் எழுதிக் கணவரின் சாப்பாட்டுக் கூடையில் வைப்பேன். பழைய அகராதியைப் பார்த்து அவர் எழுதிய பதில் மாலையில் வரும்.

எம்.ஏ. தேறினேன். திட்டக்குடிப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் வேலையும் கிடைத்தது. ஆனால் நிம்மதி கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். பஸ்ஸில் யாராவது "தயக்கமா இருக்குது" என்றால், மனமில்லாமலா, நிச்சயமில்லாமலா என்று அவர்கள் முகத்தைப் பார்க்கத் தொடங்கியிருந்தேன்.