மூன்றாம் ஓலைக்கு முன்

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். மணமக்கள் பெயர், பெற்றோர் பெயர், ஊர் எல்லாம் சொல்லி, "இத்திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்" என்று முடிப்பார்கள். சிறுவயது முதல் கேட்ட வாசகம். இரண்டாம் ஞாயிறு அது என் பெயரோடு வந்தபோது, அறிந்தவள் நான்தானோ என்று தோன்றியது.

முந்தின நாள் சின்னத்தை சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள். "ஏளா, மாப்பிள்ளை கல்யாணமே வேண்டாம்னு கப்பலேறப் பாத்தானாம். அவன் அம்மை பட்டினி கெடந்துல்லா வழிக்குக் கொண்டாந்தா!"

அவர் ஆலந்தலைக்காரர். சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலை. போனில் நான் எது பேசினாலும் "ம்" என்பார். ஓலை எழுதப் போன அன்று பங்குச் சாமியார் எங்களைத் தனித்தனியே உள்ளே கூப்பிட்டு, வேதாகமத்தில் கை வைக்கச் சொல்லி, யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று கேட்டார். நான் இல்லை என்றேன். மாப்பிள்ளை என்ன சொன்னாரோ, வெளியே வந்தபோது அவர் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

அந்த வாரம் சோறு இறங்கவில்லை. அம்மா, "எல்லாப் பிள்ளையளுக்கும் வார பயம்தான். பத்திரிகை குடுத்தாச்சு, இனி என்னத்த?" என்றாள். கட்டாயத்தில் சொல்லும் சம்மதம் சம்மதமே ஆகாது என்று கல்யாணத் தயாரிப்பு வகுப்பில் சொல்லியிருந்தார்கள். பீடத்தின் முன்னால் ஒருவரைப் பொய் சொல்ல வைத்துத் தாலி வாங்க எனக்கு மனமில்லை. செபமாலை சொன்னேன். மாதாவிடம் அடையாளம் கேட்கவில்லை, தைரியம் கேட்டேன்.

கல்யாணச் சேலை எடுக்க இரண்டு வீட்டாரும் ஜவுளிக்கடையில் கூடினோம். சேலைகள் விரிந்து கிடக்கும்போதே எழுந்து அவரை மாடிப்படிக்குக் கூப்பிட்டேன். "பாருங்களேன், இப்பவே இழுத்துட்டுப் போறா!" என்றாள் சின்னத்தை.

"என்னைக் கெட்டிக்கிட உங்களுக்குச் சம்மதமா? அம்மைக்காகன்னா இப்பவே சொல்லிருங்க. நானே சாமியார்ட்ட போயி மூணாம் ஓலைய நிப்பாட்டச் சொல்லுதேன். பழி எம்மேல இருக்கட்டும்."

அவர் படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மை பட்டினி கெடந்தது நெசந்தான். அது உன்னப் பாக்கதுக்கு முந்தி. ஒம்பது மாசம் கடல்ல கெடக்கவனுக்கு எதுக்குப் பொண்டாட்டின்னு நெனச்சேன். பாத்த பொறவு, நீ வேண்டாம்னு சொல்லிருவியோன்னுதான் பயம். எங்க ஊர்க் கோயில்ல ரெண்டு ஓலை வாசிச்சப்பவும் உள்ள போகத் தைரியமில்லாம வெளியதான் நின்னேன்."

"பின்ன போன்ல ஏன் ம், ம்?"

"எஞ்சின் சத்தத்துல கையக் காட்டித்தான் பேச்சு. போன்ல கைய எப்படிக் காட்ட?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒம்பது மாசம் நான் இருந்துக்கிடுவேன். வீட்டுக்கு வந்தா வாயத் தொறக்கணும்."

"ம்" என்றார். பிறகு அவசரமாக, "சரி, தொறக்கேன்."

மூன்றாம் ஞாயிறு, கடைசி ஓலைக்குப் பெண் போகும் வழக்கமில்லை என்று அம்மா தடுத்தும் போய் முன் பெஞ்சில் உட்கார்ந்தேன். தடை அறிந்தவர்கள் என்ற வாசகம் வந்தது. எனக்குள் தேடிப் பார்த்தேன். பயம் அங்கேயேதான் இருந்தது. தடை இல்லை. மற்றவர்களோடு நானும் முழந்தாளிட்டேன்.